இடைவெளியும் சான்றிதழும்

கணக்கு உத்தியோகத்தை 2016-ல் விட்டு, மாமியாரின் பக்கவாதத்தை முன்னிட்டு எட்டு ஆண்டுகள் வீட்டிலிருந்து, இப்போது ஜி.எஸ்.டி.யிலும் டாலி பிரைமிலும் சான்றிதழ்ப் பயிற்சி முடித்திருக்கும் ஒரு பெண்மணி மறுபடியும் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கவரிங் லெட்டரில் அந்த எட்டு ஆண்டுகளைத் தேதி காட்டாமல் மறைத்துவிடலாம் என்பது அவரைச் சுற்றியுள்ளோர் பலரின் நம்பிக்கை. ஆனால் சேமநல நிதியின் யூ.ஏ.என். கணக்கில் வேலையில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் பதிவாகின்றன. பின்னணி விசாரணையில் அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கக்கூடும். ஆகவே முதலில் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்து, பழைய ஸ்தாபனம் விலகிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் தாமே பதிந்துவிட்டு, அதே தேதியைக் கடிதத்திலும் எழுதுவதே விவேகம்.

குடும்பக் கஷ்டத்தை விஸ்தாரமாகச் சொன்னால் அதிகாரியின் மனம் இளகும் என்பதும் தவறு. அவர் அறிய விரும்புவது, அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டதா என்பதே. "2016 மார்ச் முதல் குடும்பத்தில் நோயாளியைப் பராமரித்தேன், அப்பொறுப்பு 2024-ல் நிறைவுற்றது" என்ற ஒரே வாக்கியம் போதும்.

சான்றிதழே இடைவெளியை நிரப்பிவிடும் என்பதுதான் நல்லவர்களையும் ஏமாற்றும் நம்பிக்கை. இவர் விலகியபோது வாட் வரி இருந்தது; 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. வந்து, கணக்கரின் மாதாந்தர வேலையே உருமாறிவிட்டது. எனவே "சான்றிதழ் பெற்றேன்" என்று நிறுத்தாமல், அதற்காகச் செய்த ஒரு காரியத்தை எழுத வேண்டும். உதாரணமாக, பயிற்சிக் கணக்கில் கொள்முதல் பதிவேட்டின்படி உள்ளீட்டு வரி 1,08,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி உருவாகும் GSTR-2B அறிக்கையிலோ 90,000 மட்டுமே. பில் பில்லாக ஒப்பிட்டபோது, ஒரு லட்ச ரூபாய்ப் பில் ஒன்றின் 18 சதவீத வரியான 18,000 விடுபட்டிருப்பது தெரிந்தது. சரக்கு விற்றவர் தமது GSTR-1-ஐத் தாக்கல் செய்யாததாலோ, வேறொருவரின் ஜி.எஸ்.டி. எண்ணைக் குறித்துவிட்டதாலோ இப்படி நேரும். அது 2B-யில் வந்து சேரும்வரை அவ்வரிக்கு வரவு எடுக்கலாகாது. இந்த வேற்றுமையைக் கண்டுபிடித்து, விற்றவருக்கு நினைவூட்டுக் கடிதம் தயாரித்தேன் என்று இரண்டு வரியில் எழுதினால், பழைய அனுபவமும் புதிய படிப்பும் ஒன்று சேர்ந்துவிட்டன என்று படிப்பவர் தாமே கண்டுகொள்வார். வாட் காலத்திலும் விற்றவர் கணக்கும் வாங்கியவர் கணக்கும் ஒத்துப்போகாத தொல்லை உண்டு என்பதால், அன்று அதை எவ்வாறு தீர்த்தார் என்பதை அடுத்த வாக்கியத்தில் சேர்ப்பது மிகவும் பொருந்தும்.

ஆனால் பயிற்சிக் கணக்கில் செய்ததைப் பயிற்சிக் கணக்கு என்றே குறிப்பிட வேண்டும். மெய்யான நிறுவனத்துக்கே GSTR-3B தாக்கல் செய்ததாக எழுதிவிட்டால், நேர்முகத்தில் முதல் கேள்வியே, ஓ.டி.பி. யாருடைய கைபேசிக்கு வந்தது என்பதாக இருக்கலாம்.