ஏணி பீலிக்கு எட்டுமோ? படத்தை வைத்தே கணக்குப் பார்க்கலாம்

ஐப்பசி மழை தொடங்க முதல் பீலிக்குள் அடைத்துக் கிடக்கிற சருகை வாரவேணும், நழுவின ஓட்டைத் தள்ளிச் சரிசெய்யவேணும். அயல்வீட்டில் ஏணி இரவல் வாங்கிச் சுவரில் சாத்தின பிறகுதான் எட்டுமோ எட்டாதோ என்ற கேள்வி வரும். தங்கச்சி கோண்டாவிலில் நின்று ஒரு படம் எடுத்து, "அடி சுவரிலிருந்து 4 அடி தள்ளி இருக்கு, சரிவு 75 பாகை, எவ்வளவு உயரம் வரும் அக்கா?" என்று கொழும்புக்கோ கனடாவுக்கோ அனுப்புவாள். அப்படி ஒரு படம் வந்தால் என்ன செய்யவேணும், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்கிறேன்.

கணக்கு சாதாரண தரத்தில் படித்ததுதான். சுவர், நிலம், ஏணி மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணி. ஏணி நிலத்தோடு பிடிக்கிற கோணத்துக்குச் சுவர் எதிர்ப்பக்கம், நிலம் அயற்பக்கம், ஏணி செம்பக்கம். எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் பிரித்தால் வருவது tan. ஆகவே உயரம் வேணுமென்றால்:

உயரம் = அடித்தூரம் × tan(கோணம்)

tan 75° = 3.732. அதை 4 ஆல் பெருக்கினால் 14.93, அதாவது 15 அடிக்கு ஒரு அங்குலம் குறைவு. போனில் உள்ள கல்குலேட்டரில் பார்க்கிறதென்றால் அது பாகையில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கோ. tan 45 அடித்தால் 1 வரவேணும். வேறேதும் வந்தால் அது ரேடியனில் நிற்கிறது. கோணத்தைச் சுவரோடு அளந்திருந்தால் 90 இலிருந்து கழித்துவிட்டுப் போடுங்கோ.

இனித்தான் கவனம் வேணும். 75 என்று நினைத்தது உண்மையில் 74 ஆக இருந்தால் உயரம் 13.95 அடி. 76 ஆக இருந்தால் 16.04 அடி. ஒரு பாகை பிசகினால் ஒரு அடி பிசகும். ஏணி செங்குத்தாக நிமிர நிமிர tan வேகமாக ஏறுவதுதான் காரணம். ஆனால் ஏறுவதற்குப் பாதுகாப்பான சரிவும் இதே 75ஐ ஒட்டித்தான் வருகிறது: 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு அடித்தூரம். அதைவிடப் படுக்கவைத்தால் கால் வழுக்கும், நிமிர்த்தினால் ஏணி பின்னால் சாயும். அதனால் சரிவை மாற்றி இந்தச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது. கோணத்தைத்தான் சரியாக எடுக்கவேணும்.

கோணம் சரியாக வருவது படம் எடுக்க நிற்கிற இடத்தில் தங்கியிருக்கு. பெரும்பாலான ஆட்கள் ஏணிக்கு எதிரே முற்றத்தில் நின்று, கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி எடுப்பார்கள். அந்தப் படத்தில் அடித்தூரம் சுருங்கித் தெரியும், உயரம் அப்படியே நிற்கும். ஆகவே ஏணி உள்ளதைவிட நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றும். சரியான இடத்திலிருந்து 30 பாகை விலகி எடுத்தால், 75 பாகை ஏணி படத்தில் ஏறக்குறைய 77 ஆகத் தெரியும். அதைக் கணக்கில் போட்டால் 17 அடிக்கு மேல் வரும். இரண்டு அடிக்கு மேல் பொய் உயரம்! பிழை எப்போதும் கூடின பக்கமே போவதுதான் ஆபத்து. எட்டாத ஏணியை எட்டும் என்று அந்தப் படம் சொல்லிவிடும்.

சரியான இடம் சுவரின் நீளத்தோடேயே பார்வை போகிற இடம். வீட்டின் மூலைக்குப் போய், சுவர் முகம் தெரியாமல் ஒரு நேர்கோடாகத் தெரிகிறவரை நகருங்கோ. அங்கே ஏணி முழுப் பக்கவாட்டாகத் தெரியும். முடிந்தமட்டும் தள்ளி நின்று, படத்தைக் கிட்ட இழுத்து எடுங்கோ. 0.5 என்கிற அகலக் கமராவை இதற்குப் பாவிக்காதேங்கோ, அது ஓரங்களில் நேர்கோட்டையே வளைக்கும். போனை மேல்நோக்கிச் சரிக்கவும் வேண்டாம். சரித்தால் சுவரே உள்ளுக்குச் சாய்ந்ததாக விழும். படத்தில் யன்னல் நிலையின் நிமிர்ந்த விளிம்பும் சுவர்க் கோடும் படத்தின் ஓரத்துக்குச் சமாந்தரமாக இருந்தால் படம் நல்லது. இல்லையென்றால் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கோ.

நல்ல படம் கிடைத்தால் பாகைமானியே தேவையில்லை. படத்தைப் பெரிய திரையில் போட்டு, ஏணி சுவரைத் தொடுகிற புள்ளியின் உயரத்தையும் அடித்தூரத்தையும் அடிமட்டத்தால் அளவுங்கோ. உயரம் 11.2 சென்ரிமீற்றரும் அடித்தூரம் 3 சென்ரிமீற்றரும் என்றால், 11.2 ÷ 3 = 3.73. அதுதான் அந்த tan. இந்த அளவில் அடித்தூரம் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே அரை அடி மாறிவிடும், ஆகவே படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

அடித்தூரத்திலும் ஒரு வழக்கமான பிழை இருக்கு. எங்கள் பழைய வீடுகள் பலவற்றில் அத்திவாரம் சுவரைவிட வெளியே நீட்டி நிற்கும். நாடாவின் நுனியை அந்த விளிம்பில் பிடித்து அளந்தால் 4 அங்குலம் குறையும். அந்த 4 அங்குலம் உயரத்தில் 15 அங்குலமாகப் பெருகும். ஏணியைச் சுவரில் சாத்தாமல் பீலியிலேயே சாத்தியிருந்தால் பிழை இன்னும் பெரிது, இந்த முறை மறுபக்கம். பீலி சுவரிலிருந்து ஒன்றரை அடி வெளியே நின்றால், உண்மையான அடித்தூரம் 4 அடி இல்லை, இரண்டரை அடி. உயரம் 9 அடி 4 அங்குலம்தான். ஏணி தொடுகிற இடத்திலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது நிலத்தில் தொடும் இடத்திலிருந்து அளக்கச் சொல்லுங்கோ. பீலி தாங்காது, ஏணியைச் சுவரில் சாத்துவதே நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் கோணத்தை மட்டும் நம்பி நான் ஆளை ஏறவிடமாட்டேன். ஏணியின் நீளத்தையும் கேட்பேன். நீளம் பதினைந்தரை அடி என்றால் பைதகரசு தேற்றப்படி 15.5 இன் வர்க்கம் 240.25, அதில் 4 இன் வர்க்கம் 16ஐக் கழித்தால் 224.25, அதன் வர்க்கமூலம் 14.97 அடி. கோணத்தால் வந்த 14.93ஓடு ஒத்துப்போகிறது. நீள அளவில் ஒரு அங்குலம் பிசகினாலும் உயரத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலந்தான் பிசகும். இரண்டு விடைகளுக்கும் அரை அடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் படத்தை விட்டுவிட்டு நீளக் கணக்கை எடுங்கோ. ஏணியின் மேல்நுனி தொடுகிற புள்ளிக்கு மேலே நீண்டு நின்றால், தொடுகிற புள்ளிவரைதான் நீளம்.

வந்த உயரம் ஏணி தொடுகிற இடம், நிற்கிற இடமில்லை. மேல் மூன்று படிகளில் காலை வைக்கக்கூடாது. கூரைக்கு ஏறுகிறதென்றால் ஏணி கூரை விளிம்புக்கு மேலே 3 அடி நீண்டிருக்கவேணும், பிடிக்க ஏதாவது வேணுமே. அலுமினிய ஏணியென்றால், வீட்டுக்கு வருகிற மின்சாரக் கம்பி எங்கே போகிறதென்று படத்தில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கோ.

ஆகவே தங்கச்சிமாரே, தம்பிமாரே, இனி அக்காவுக்குப் படம் அனுப்பும்போது சுவரோடு பார்த்து எடுத்த படம், சுவரிலிருந்து அளந்த அடித்தூரம், ஏணியின் நீளம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கோ. பதில் வரும்வரை ஏறவேண்டாம்.