"பார்த்துச் சொல்றோம்" என்ற பதிலை எங்கே வைப்பது?

எங்கள் கிளையில் கடிதப் போக்குவரத்தை நான் கவனிக்கிறேன். ஜூன் 20 முகாமுக்கு மண்டபம் கேட்டு எழுதினோம். மே 12-இல் பதில் வந்தது: "பார்த்துச் சொல்றோம்." இந்த மாதிரி பதில்தான் ஆபத்து. இப்போ செய்ய ஒன்றுமில்லை, ஆனா விட்டுட்டா புது மின்னஞ்சல்களுக்கு அடியில போயிடும்.

ஜிமெயிலில் அந்த அஞ்சலைத் திறந்து, கடிகாரப் படமுள்ள Snooze-ஐ அழுத்தி, நாளையும் நேரத்தையும் கொடுக்கலாம். அதுவரை அஞ்சல் Snoozed பகுதியில் இருக்கும். அன்றைக்கு இன்பாக்ஸின் மேலே வந்து நிற்கும். நடுவில் மண்டபத்தார் அதே அஞ்சலுக்குப் பதில் போட்டால், நாளுக்குக் காத்திராமல் உடனே திரும்பி வரும்.

எந்த நாளைக் கொடுப்பது? பின்னாலிருந்து எண்ணுங்கள். இடம் இல்லைன்னு சொல்லிட்டா, வேறு மண்டபத்தை முகாமுக்கு இரண்டு வாரம் முன்பே உறுதி செய்யணும். அது ஜூன் 6. தேடிப் பேச ஒரு வாரம் வேண்டும். அப்போ மே 30-க்குள் எனக்கு ஒரு முடிவு தெரியணும். போன் செய்து பிடிக்கச் சில நாள் விட்டு, மே 26 காலை 10 மணி என்று வைத்தேன். அலுவலகம் திறந்திருக்கும் நேரம்தான் சரி. ராத்திரி வரும் நினைவூட்டலை மறுபடி தள்ளத்தான் தோன்றும்.

ஒன்றைக் கவனியுங்கள். போனும் செய்யாமல், கடிதமும் போடாமல் ஒரே அஞ்சலை மூன்றாவது தடவை தள்ளினால், அது காத்திருக்கும் வேலை இல்லை. நமக்குச் செய்ய மனமில்லாத வேலை. அதைக் கூட்டத்தில் சொல்லி வேறொருவரிடம் கொடுத்துவிடலாம்.