நஷ்டப் பங்கை விற்க மனம் வராதது ஏன்?

கேள்வி: லாபத்தில் உள்ள பங்கை உடனே விற்றுவிடுகிறேன், நஷ்டத்தில் உள்ளதை விற்கக் கை வரவில்லை. இழப்பின் மீதுள்ள பயமா?

பதில்: பயம் மட்டும் இதை விளக்காது. ட்வெர்ஸ்கியும் கானெமனும் 1992-இல் தந்த மதிப்புச் சார்பில் லாபத்துக்கு v(x) = x^0.88, நஷ்டமென்றால் அதே அளவு 2.25 மடங்கு வலிக்கும்.

இரண்டு பங்குகள். ஒன்றில் 1000 ரூபாய் லாபம், மற்றதில் 1000 நஷ்டம். விற்காமல் வைத்திருந்தால் இரண்டுமே இன்னும் ஆயிரம் ஏறவோ இறங்கவோ சம வாய்ப்பு.

லாபப் பங்கை விற்றால் மனக்கணக்கில் 437. வைத்திருந்தால் 2000-இன் மதிப்பான 803-இல் பாதி, சுமார் 402. ஆகவே விற்கிறோம். நஷ்டப் பங்கை விற்றால் −982. வைத்திருந்தால் −1808-இல் பாதி, −904. வலி குறைவு என்பதால் காத்திருக்கிறோம்.

கவனியுங்கள்: 2.25 இரு பக்கமும் பெருக்குவதால் நஷ்டப் பங்கின் முடிவை அது மாற்றவே இல்லை. மாற்றுவது 0.88 தரும் வளைவு. இரண்டாவது ஆயிரம் முதல் ஆயிரத்தைவிடக் குறைவாகவே உறைக்கிறது. இழப்பு வெறுப்பு வேலை செய்வது வாங்கிய விலையைத் தாண்டும் இடத்தில்தான். வாங்கும்போதே ஆயிரம் ஏறும், இறங்கும் என்ற சம பந்தயம் −273 ஆகத் தெரியும். அதனால் பலர் வாங்கவே மாட்டார்கள்.

ஷெஃப்ரினும் ஸ்டேட்மேனும் 1985-இல் பெயரிட்ட, லாபத்தை விற்று நஷ்டத்தை வைத்திருக்கும் இந்தப் பழக்கம் உங்களிடம் உண்டா என்று பார்க்க, வாங்கிய விலையை மறைத்துவிட்டு, இன்றைய விலையில் அதே பங்கைப் புதிதாக வாங்குவீர்களா என்று கேளுங்கள்.