பட்டுப்புடவைக்கு ஸ்டீமரா, இஸ்திரிப் பெட்டியா?

முகூர்த்தத்துக்குக் கட்டப்போகும் பட்டுப்புடவையை முந்தின நாளே தயார் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன: ஸ்டீமர் பிடிப்பது, இஸ்திரி போடுவது, கொசுவத்தை முன்கூட்டியே எடுத்து மடித்து வைப்பது. பட்டு மென்மையானது, அதற்கு ஸ்டீமர்தான் பாதுகாப்பு என்று பலரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. நீராவி இழையைத் தளர்த்திச் சுருக்கத்தை எடுக்கிறது. ஆனால் மடிப்பைப் பதிய வைக்க அழுத்தமும் வேண்டும், அது ஸ்டீமரிடம் இல்லை. தொங்கவிட்ட புடவையின் உடல் பகுதிக்கும், தைத்த ரவிக்கையின் கைக்கும் அது மிக நன்றாக உதவும். கொசுவமும் தோள்மடிப்பும் கத்தி முனைபோல் நிற்க வேண்டுமென்றால் இஸ்திரிப் பெட்டிதான் வேண்டும்.

சூட்டில் பட்டும் சரிகையும் கெட்டுவிடாதா என்ற பயம் நியாயமானது. ஆனால் கெடுப்பது பெரும்பாலும் பருத்திக்கு வைக்கும் சூடுதான். பெட்டியில் ஒற்றைப் புள்ளி அளவு, அதாவது சுமார் 110 டிகிரி, பட்டுக்குப் போதும். புடவையின் உள்பக்கத்தைத் திருப்பி, மேலே வெள்ளை மல் துணி விரித்துத் தேயுங்கள். முதலில் இடுப்பில் செருகும் முனையில் சோதித்துப் பார்த்து, பளபளப்பு மாறினால் சூட்டைக் குறையுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். துளி விழுந்த இடம் பட்டில் கறையாக நிற்கும். ஸ்டீமரிலும் இதே ஆபத்து உண்டு. தொடக்கத்தில் அது தண்ணீரைத் துப்பும் என்பதால், முதல் ஆவியை வேறு பக்கம் விட்டுவிட்டுத்தான் புடவைப் பக்கம் திருப்ப வேண்டும்.

ஐந்தரை மீட்டர் புடவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முந்தானையை முதலில் மடியுங்கள். கரை வெளியே தெரியும்படி நான்கைந்து அங்குல அகலத்தில் மடிப்புகளை அடுக்கி, துணிக் கிளிப்பால் பிடித்து, கிளிப்பை நகர்த்தி நகர்த்தி மல் துணியின் மேல் அழுத்துங்கள். பெட்டியை இழுக்காமல் வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் கரை கோணலாகும். பிளாஸ்டிக் தலை ஊசி குத்தினால் சூட்டில் உருகிப் பட்டில் ஒட்டிக்கொள்ளும். பெட்டியை எடுத்ததும் புடவையைத் தூக்காதீர்கள். மடிப்பு நிலைப்பது ஆறும்போதுதான். சூட்டோடு தூக்கினால் செய்த வேலை வீண். அடுத்து இடுப்புக் கொசுவத்தையும் இப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டுபவரின் இடுப்புச் சுற்றை அளந்த பிறகே அதன் இடத்தைக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் எல்லாவற்றையும் பிரிக்க நேரிடும்.

முன்மடிப்பால் சரிகை முறியும் என்ற மறுப்பும் உண்டு. மாதக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் அது உண்மைதான். அதனால் முந்தின மாலையில் மடித்து, கட்டி அவிழ்த்ததும் ஊக்குகளைக் கழற்றிப் பிரித்து ஆறவிட்டு, வேறு கோட்டில் மடித்து வையுங்கள். ஒரே கருவிதான் வாங்க முடியும் என்றால், சூட்டைக் குறைக்க வசதியுள்ள சாதாரண இஸ்திரிப் பெட்டியையே வாங்குங்கள்.