எண் உணர்த்தும் ஊர்

திருநாவலூரில் வாழும் தந்தை ஒருவர், சென்னையில் பயிலும் மகனுக்குப் பணம் அனுப்ப விரும்புகிறார் எனக் கொள்வோம். மகனுடைய காசோலையில் இரு குறியீடுகள் உள்ளன. காந்த மையால் அச்சிட்ட ஒன்பது இலக்க எண் அவற்றுள் ஒன்று. அது 600002 எனத் தொடங்குமாயின், முதல் மூன்று இலக்கங்கள் சென்னையையும், அடுத்த மூன்று பாரத ஸ்டேட் வங்கியையும், எஞ்சிய மூன்று கிளையையும் உணர்த்தும்.

மற்றொன்று, பதினோரிடங்கள் கொண்ட ஐ.எப்.எஸ்.சி. குறியீடு. SBIN என்னும் நான்கெழுத்து வங்கியைக் குறிக்கும். ஐந்தாம் இடத்தில் 0 நிற்கும். இறுதி ஆறு இடங்கள் கிளைக்குரியவை. ஊருக்கெனத் தனியிடம் இதில் இல்லை. சுழியத்திற்குப் பதில் O என்னும் எழுத்தை இட்டால் குறியீடு பிழையாகும்.

இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? காசோலைத் தாள்களை ஊர்வாரியாகப் பிரிக்க முன்னது எழுந்தது. மின்வழிச் செல்லும் பணத்திற்குப் பின்னது எழுந்தது.

அமெரிக்க வங்கிகள் 1910-இல் வகுத்த எண்ணும் காசோலைக்காகப் பிறந்ததே. இன்று அதன் ஒன்பது இலக்கங்களுள் முதலிரண்டு பெரும்பாலும் வட்டாரத்தைக் காட்டும். 01 பாஸ்டன் வட்டாரமாகும். ஒன்பதாவது, மற்ற எட்டிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பிலக்கம். ஆதலின் ஓரிலக்கம் பிழைபடினும் அது வெளிப்பட்டுவிடும். நம் ஐ.எப்.எஸ்.சி.யில் அத்தகைய காவல் இல்லை. கிளை எண்ணில் ஓரிலக்கம் மாறின், அது வேறொரு கிளையைக் குறித்துவிடலாம். ஆகவே எழுதியபின் ஒருமுறை ஒப்புநோக்குதல் நம் கடனாம்.