விசையிலிருந்து திரைக்கு: தாமதம் தங்கும் இடங்கள்

விசையை அழுத்தியதும் அதன் தொடுமுனை ஒரு கணம் அதிர்கிறது. ஒரே அழுத்தம் இரண்டாகப் பதியாமலிருக்க, கீபோர்டின் சில்லு பொதுவாகச் சில மில்லி விநாடிகள் பொறுத்துப் பார்க்கிறது. பிறகும் செய்தி தானாகப் புறப்படாது. கணினி கேட்கும்போதுதான் போகும். விநாடிக்கு 125 முறை கேட்கப்படும் சாதாரண கீபோர்டில் இந்தக் காத்திருப்பு 8 மில்லி விநாடி வரை நீளும். 1000 முறை கேட்கப்படுவதில் 1 மில்லி விநாடியைத் தாண்டாது. ஆகவே வயர் இருப்பதாலேயே ஒரு கீபோர்டு வேகமானதாகிவிடாது.

வயர்லெஸ்ஸில் இரண்டு வகை உண்டு. தனி டாங்கிளுடன் வரும் நல்ல கேமிங் கீபோர்டு வயருக்கு ஏறக்குறைய ஈடு கொடுக்கும். புளூடூத்தின் குறைந்த ஆற்றல் வகையிலோ இரு செய்திகளுக்கு இடையிலான வழக்கமான குறைந்தபட்ச இடைவெளியே 7.5 மில்லி விநாடி. பல கருவிகள் அதைவிட அதிகம் எடுக்கும். தட்டச்சுக்கு அது போதும், விளையாட்டுக்குப் போதாது. டாங்கிளுக்கும் ஒரு பலவீனம் உண்டு: யூஎஸ்பி 3.0 துளைகள் எழுப்பும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். சில அழுத்தங்கள் மட்டும் தாமதித்தாலோ விடுபட்டாலோ, டாங்கிளை நீட்டிப்பு வயரில் மேசைமேல் கொண்டுவந்து பார்க்கலாம்.

60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைந்து முடிக்க 16.7 மில்லி விநாடி ஆகும். 144 ஹெர்ட்ஸில் 6.9. வயரா டாங்கிளா என்ற தேர்வில் கிடைக்கும் ஓரிரு மில்லி விநாடியைவிட இந்த வித்தியாசம் பெரிது. பணம் ஒன்றுக்குத்தான் என்றால் மானிட்டருக்கே போகட்டும்.

காசில்லாமல் அதிகம் மிச்சமாகும் இடம் ஃபிரேம் வரம்பு. வி-சிங்க் இயங்க, கிராஃபிக்ஸ் கார்டு திரையைவிட வேகமாகப் படம் தயாரித்தால், முடிந்த படங்கள் வரிசையில் நிற்கும். 60 ஹெர்ட்ஸில் இரண்டு படம் காத்திருந்தாலே 33 மில்லி விநாடி போய்விடும். எந்த கீபோர்டாலும் அதை மீட்க முடியாது. மாறும் புதுப்பிப்பு வசதியுள்ள 144 ஹெர்ட்ஸ் திரையும் 170 படம் தரக்கூடிய கார்டும் இருந்தால், விளையாட்டின் அமைப்பிலேயே வரம்பை 138 அல்லது 140 என வைக்க வேண்டும். திரை கார்டின் வேகத்துக்கு இசைந்து போகும், வரிசை உருவாகாது.

அதே கார்டு வேறொரு விளையாட்டில் 90 படம் மட்டும் தந்தால் 138 என்ற வரம்பு பயன்படாது. கார்டின் பயன்பாடு 97 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் வேலை கார்டின் வாசலில் குவிகிறது என்று பொருள். வரம்பை 85-க்கு இறக்கலாம், அல்லது நிழல், தெளிவுத்திறன் போன்றவற்றைக் குறைக்கலாம். திரைக்கு மாறும் புதுப்பிப்பு வசதியே இல்லையென்றால் வி-சிங்க்கை அணைப்பதே விரைவான வழி. படம் குறுக்கே கிழிந்து தெரிவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றம் பலித்ததா என்பதை விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியின் ஸ்லோமோஷனில் பார்க்கலாம். விரலும் திரையும் ஒன்றாகத் தெரியப் பதிந்து, விசை இறங்கியதிலிருந்து திரை மாறும் வரை உள்ள படங்களை எண்ணி 4.2-ஆல் பெருக்கினால் மில்லி விநாடி கிடைக்கும். ஒவ்வொரு அமைப்பிலும் பத்துப் பதினைந்து தடவை எடுத்துச் சராசரி பார்க்காவிட்டால், தற்செயலான ஏற்ற இறக்கமே முன்னேற்றமாகத் தோன்றும்.