நன்றி மடலில் ஒரு கோடிட்ட இடம்

காக்ஸ் டவுனில் நம் வகுப்பு நடத்திய பொங்கல் விழாவிற்கு மூவர் உதவினர் எனக் கொள்வோம். மூவருக்கும் ஒரே மடல். பெயருக்கு மட்டும் கோடிட்டு, அடுத்து ‘க்கு’ என எழுதிவைக்கிறோம்.

மணி என நிரப்பினால் ‘மணிக்கு’ எனப் பொருந்தும். குமார் என நிரப்பினால் ‘குமார்க்கு’ என்றாகும். அது செய்யுளுக்கு ஏற்றது. உரைநடையில் ‘குமாருக்கு’ என்பதே இயல்பு. மாலா என்னும் பெயரோ வகர உடம்படுமெய் பெற்று ‘மாலாவுக்கு’ என வரும். ஆதலால் வேற்றுமை உருபை அச்சிடாது, பெயரோடு சேர்த்துக் கையால் எழுதுக.

‘தங்கள் உதவிக்கு நன்றி’ என்னும் வரியையும் மாற்றுக. கரும்பு வாங்கித் தந்த குமார் மாமாவுக்கு, “நீங்கள் தந்த கரும்பு கடைசி வரிசைச் சிறுவர்க்கும் கிடைத்தது” என எழுதலாம்.

பயிற்சி: கோலமிட்ட மாலா அக்காவுக்கு அவ்வரியை எழுதுக.